தேதி மாற்றிய எஸ்ஐபி இரண்டு முறை பிடிக்கப்படுவது குறித்துப் புகார்

நாள்: 14 நவம்பர் 2025

பெறுநர்: முதலீட்டாளர் சேவைப் பிரிவு, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம்

பொருள்: 25-ஆம் தேதி எஸ்ஐபி ரத்தாகாமல், 25.9.2025, 27.10.2025 ஆகிய நாட்களில் தலா ரூ.5,000 கூடுதலாகப் பிடிக்கப்பட்டது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2023 ஜூன் முதல் உங்கள் பங்குத் திட்டம் ஒன்றில் மாதம் ரூ.5,000 எஸ்ஐபி போட்டு வருகிறேன். தவணை நாள் 25. சம்பளம் வரும் நாள் மாறியதால், 2025 ஆகஸ்ட் 4 அன்று உங்கள் செயலியில் தவணை நாளை 10-க்கு மாற்றினேன். "எஸ்ஐபி தேதி 25-லிருந்து 10-க்கு மாற்றப்பட்டது" என்று அன்றே குறுஞ்செய்தியும் வந்தது. ஆகஸ்ட் 25 தவணை பழைய தேதியில் போனது. மாற்றம் நடைமுறைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்று தெரியும், அதனால் அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. செப்டம்பர் 10 அன்று புதிய தேதியில் பணம் பிடிக்கப்பட்டதும், மாற்றம் முடிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் முன்பு வங்கி ஸ்டேட்மென்ட்டையும் உங்கள் கணக்கு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். வங்கியில் `ACH D-` என்று தொடங்கும் டெபிட்டுகள் செப்டம்பர் 10, செப்டம்பர் 25, அக்டோபர் 10, அக்டோபர் 27 என நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ரூ.5,000. மாதத்துக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 27-ஐப் பார்த்தபோது அது ஏதோ தனி டெபிட் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நாட்காட்டியைப் பார்த்தால், அக்டோபர் 25 சனிக்கிழமை. தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குப் போகும். அது திங்கள் 27. ஆக, அதுவும் பழைய 25-ஆம் தேதித் தவணையேதான்.

உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு வரியிலும் ரூ.4,999.75 என்று இருக்கிறது. 0.005 சதவீத முத்திரைத் தீர்வையான 25 காசு கழிந்தது என்று தெரியும், அந்த வித்தியாசம் பிரச்சினை இல்லை. யூனிட் ஒதுக்கிய நாள் செப்டம்பர் 26 என்றும் வங்கியில் டெபிட் நாள் 25 என்றும் இருப்பதும் சரிதான். பணம் உங்கள் கைக்கு வந்த நாளின் என்ஏவியில்தான் யூனிட் கொடுப்பீர்கள். இவற்றை எழுதக் காரணம், உங்கள் கஸ்டமர் கேர் நண்பர் "தேதி ஒருநாள் முன்பின் இருக்கும்" என்று சொல்லி என் முதல் அழைப்பை முடித்துவிட்டார். ஒருநாள் முன்பின் போவது எனக்குப் புரிகிறது. ஒரே மாதத்தில் இரண்டு தவணை போவதற்கு அது விளக்கமாகாது.

தவறு எங்கே என்பதற்குத் தெளிவான சான்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. செப்டம்பர் 10 தவணைக்கு "தவணை எண் 1" என்றும், அக்டோபர் 10-க்கு "2" என்றும் அச்சாகியிருக்கிறது. செப்டம்பர் 25-க்கு "28/60", அக்டோபர் 27-க்கு "29/60". ஆகஸ்ட் 25-இல் போனது 27. அதாவது 2023 ஜூனில் பதிவான பழைய எஸ்ஐபி நிற்கவே இல்லை, இடைவெளி இல்லாமல் எண்ணிக்கொண்டே போகிறது. தேதி மாற்றம் என்று நான் கேட்டதை நீங்கள் புதிய எஸ்ஐபி பதிவாக எடுத்துக்கொண்டு, பழையதை மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இரண்டாவது அழைப்பில் கிடைத்த பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. "உங்கள் மேண்டேட் ரூ.15,000-க்கு இருக்கிறது, வங்கி அனுமதித்துத்தான் பிடித்திருக்கிறது" என்றார்கள். ரூ.15,000 என்பது உச்சவரம்பு. பின்னால் தொகையைக் கூட்டினால் மறுபடி மேண்டேட் போட வேண்டாமே என்று பதிவின்போது அப்படி வைத்தேன். வரும் டெபிட் அந்த வரம்புக்குள் இருக்கிறதா, மேண்டேட் உயிரோடு இருக்கிறதா என்றுதான் வங்கி பார்க்கும். என் எஸ்ஐபி எத்தனை, எந்த நாளில் என்பது வங்கிக்குத் தெரியாது, அது உங்கள் பதிவில்தான் இருக்கிறது. வங்கிக் கிளையில் கேட்டபோது, நான்கு டெபிட்டும் ஒரே யு.எம்.ஆர்.என். எண்ணின் கீழ் உங்கள் தரப்பிலிருந்து வந்தவை என்று எழுதித் தந்தார்கள். அதனால் வங்கியை நோக்கி என்னை அனுப்ப வேண்டாம்.

இதன் விளைவு இந்த மாதம் வந்தது. சம்பளம் தாமதமாகும் மாதத்துக்கென்று எஸ்ஐபி கணக்கில் தனியாக ரூ.10,200 எப்போதும் வைத்திருப்பேன். இரண்டு கூடுதல் டெபிட்டும் அதிலிருந்து ரூ.10,000-ஐ எடுத்துவிட்டன. நவம்பர் முதல் வாரத்தில் சம்பளம் வரவில்லை, கணக்கில் ரூ.200 மட்டும். நவம்பர் 10 தவணை திரும்பியது. வங்கி ரூ.250 அபராதமும் ஜிஎஸ்டி ரூ.45-உம் சேர்த்து ரூ.295 பிடித்தது. தொடர்ந்து மூன்று மாதத் தவணைகள் திரும்பினால் எஸ்ஐபி ரத்தாகும். எனக்கு வேண்டிய எஸ்ஐபிக்கு முதல் தோல்வி விழுந்திருக்கிறது. இத்தனை மாதங்களில் ஒரு தவணைகூட நான் தவறவிட்டதில்லை.

எனவே, முதலில் 25-ஆம் தேதி எஸ்ஐபியை மட்டும் உடனே ரத்து செய்யுங்கள். அடுத்த தவணை நவம்பர் 25. டெபிட் கோப்பு முன்கூட்டியே வங்கிக்குப் போய்விடும் என்பதால் அன்று காலையில் நிறுத்திப் பயனில்லை. ரத்துக் கோரிக்கையை இரண்டு வேலை நாளில் முடிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, இன்று தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. தயவுசெய்து மேண்டேட்டை ரத்து செய்துவிடாதீர்கள். அதே மேண்டேட்டில்தான் 10-ஆம் தேதி எஸ்ஐபியும் ஓடுகிறது, அதுவும் நின்றுபோகும்.

அடுத்து, 28, 29 தவணைகளின் யூனிட்டுகளைத் தவறான பதிவாகக் கருதித் திருத்தி, ரூ.10,000-ஐ என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். "வேண்டாமென்றால் விற்றுக்கொள்ளுங்கள்" என்று உங்கள் அலுவலர் சொன்னதை ஏற்க முடியாது. இந்தத் திட்டத்தில் ஓராண்டுக்குள் விற்றால் 1 சதவீத வெளியேறும் கட்டணம் பிடிப்பீர்கள். லாபம் இருந்தால் குறுகிய கால மூலதன ஆதாய வரியும் என் தலையில் விழும். நான் கேட்காத முதலீட்டுக்கு நான் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? ரூ.295 அபராதத்தையும் ஈடுசெய்யுங்கள்.

2025 ஆகஸ்ட் 4 அன்று என் கோரிக்கையில் என்ன பதிவானது, எந்த எஸ்ஐபி எண் எப்போது தொடங்கியது என்ற விவரத்தையும் எழுத்தில் தாருங்கள். இது என் ஒருவருக்கு மட்டும் நடந்த பிழையாக இருக்காது என்று அஞ்சுகிறேன். ஸ்டேட்மென்ட்டைத் திறந்தே பார்க்காதவர்களுக்கு இது எத்தனை மாதம் ஓடுமோ தெரியாது. அந்த நாட்களில் தேதி மாற்றியவர்களின் பதிவுகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டுகிறேன்.

21 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இதே ஆவணங்களுடன் பதிவு செய்வேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரையான வங்கி ஸ்டேட்மென்ட், தவணை எண்களுடன் கூடிய உங்கள் கணக்கு அறிக்கை, ஆகஸ்ட் 4 குறுஞ்செய்தியின் படம், வங்கிக் கிளையின் கடிதம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஃபோலியோ எண்ணும் தொடர்பு விவரங்களும் இணைப்பின் முதல் பக்கத்தில் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் முதலீட்டாளர்