பாதியில் நின்ற அந்தப் பாட்டு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பழைய பாட்டைக் கண்டுபிடிக்க உங்கள் வாசகர்களின் உதவி வேண்டும்.

1973 அல்லது 74ஆக இருக்கும். அப்போது நாங்கள் வேதாரண்யம் பக்கம் குடியிருந்தோம். இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் பாடியவர்களையும் சொல்லிவிட்டு, விரும்பிக் கேட்டவர்களின் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் தெருப் பெயரும் அக்கா பெயரும் வந்ததும் வீடே கத்தியது. அந்தச் சத்தத்தில் முன்னால் சொன்ன படப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோனது. அக்கா எழுதிப்போட்ட கடிதங்கள் ஏழெட்டு. எதில் எந்தப் பாட்டைக் கேட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வாசித்தது ராஜேஸ்வரி சண்முகம்தான் என்று மட்டும் இன்றைக்கும் சாதிக்கிறாள்.

சோகப் பாட்டு. பெண் குரல் பாட, ஆண் குரல் ஹம்மிங் மட்டும் கொடுக்கும். ஓடம், விளக்கு என்ற இரண்டு சொற்கள் நினைவிருக்கின்றன. மற்றதெல்லாம் ரேடியோ இரைச்சலோடு போயிற்று.

ஆனால் ஒரு நல்ல துப்பு இருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாட்டு நின்றது. ஐந்தாறு விநாடி மௌனம், பிறகு ஊசி வைக்கும் கரகரப்பு, இடையிசையிலிருந்து மறுபடி தொடங்கியது. ஒலிபரப்பு தடைப்பட்டிருந்தால் அந்த இடைவெளியில் பாட்டு ஓடிப்போயிருக்கும், சொல் நடுவில் வந்து சேர்ந்திருக்கும். இது அப்படியில்லை, இசைத்தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் போலத்தான் பிடிக்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாக வெட்டுவார்கள். ஆகவே நாங்கள் கேட்ட வருடம் எதுவாயினும், பாட்டு அந்தத் தட்டுகள் புழங்கிய ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ஓடப் பாட்டு என்றதும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன், பெரும்பாலானவற்றில் ஆண்தான் முழுக்கப் பாடுகிறார். இணையத்தில் கிடைப்பவை பல படத்திலிருந்து எடுத்தவை. படத்தில் ஒரு சரணத்தை வெட்டியிருந்தால் தட்டில்தான் முழுப் பாட்டும் இருக்கும். படமே வெளிவராமல் தட்டு மட்டும் வந்து, அதை வானொலியில் போட்டதும் உண்டு. அப்படியானால் நான் படப் பட்டியலில் தேடுவது வீண்.

எனவே பழைய தட்டு வைத்திருப்பவர்களைத்தான் குறிப்பாகக் கேட்கிறேன். இரண்டு பக்க லேபிளிலும் ஒரே பாட்டின் பெயர் இருந்து, முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று போட்ட தட்டுகளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் பெண் குரலும், வெறும் ஹம்மிங்காக ஆண் குரலும் இருந்தால் பாட்டின் முதல் அடியை இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் அக்கா ஊருக்கு வருகிறாள். அதற்குள் கிடைத்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்