காசோலையின் பின்பக்கம்

ஆசிரியருக்கு,

தனக்கு வந்த காசோலையின் பின்பக்கம் எழுதித் தச்சருக்குக் கூலியாகக் கொடுத்ததாகவும், தச்சரின் வங்கி அதை வாங்க மறுத்துவிட்டதாகவும் சென்ற இதழில் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். வங்கியில் கிளியரிங் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அவர் செய்த முறையில் தப்பில்லை. 'இன்னாருக்குச் செலுத்தவும்' என்று எழுதி, முன்பக்கத்தில் தன் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கையெழுத்துப் போட்டால், அதுதான் எண்டார்ஸ்மென்ட். (சிலர் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் காசோலை தொலைந்தால் எடுத்தவர் பாடு கொண்டாட்டம்.)

ஆனால் வங்கியின் பக்கத்திலிருந்து பாருங்கள். காசோலை எழுதியவரின் மாதிரிக் கையெழுத்து அவருடைய வங்கியில் இருக்கிறது. தச்சரை, கணக்கு வைத்திருப்பதால், தச்சரின் வங்கிக்குத் தெரியும். நடுவில் இருக்கும் வாசகரின் கையெழுத்து பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இருக்காது. எதோடு ஒப்பிட்டு அதை அவருடையதுதான் என்று சொல்வது? அது போலி என்று பின்னால் தெரிந்தால், உண்மையான உரிமையாளர் தச்சரின் வங்கியிடம்தான் வந்து நிற்பார். 'நல்லெண்ணத்தோடு வாங்கினோம்' என்று சொன்னால் மட்டும் போதாது, கவனக்குறைவு இல்லை என்றும் வங்கி காட்ட வேண்டியிருக்கும். அதற்குள் தச்சர் பணத்தை எடுத்துச் செலவழித்திருப்பார்.

ஒருமுறை இப்படி ஒரு காசோலை என் மேசைக்கு வந்தது. பின்பக்க எழுத்தையும், பணம் கட்டும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'ர'வின் வால் இரண்டிலும் ஒரே மாதிரி இடது பக்கம் சுழித்திருந்தது, மையும் ஒன்றுதான். கொண்டுவந்தவரே அந்த வாசகத்தை எழுதியிருக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் கையெழுத்தும் அதே கை மாதிரி இருந்தது. "பெயருக்குரியவரை ஒரு நடை கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றேன். சரி என்று போனவர் திரும்பி வரவே இல்லை. சில நாளில், தபாலில் வரவேண்டிய காசோலை வந்து சேரவில்லை என்று உரியவரிடமிருந்து புகார் வந்தது.

இன்னொன்று. முன்பக்கம் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பெயருள்ளவர் கணக்கைத் தவிர வேறு கணக்கில் போட எந்த வங்கியும் துணியாது. வாசகர் முதலில் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

கோடு இல்லையென்றால், எழுதுவதற்கு முன்பே தச்சரோடு அவர் வங்கிக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கலாம். சில கிளைகள் ஒப்புக்கொள்ளும். அப்போதும், காசோலை பணமில்லாமல் திரும்பினால் தச்சர் வாசகரிடம்தான் கேட்பார், கேட்க உரிமையும் உண்டு.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தச்சரிடமிருந்து காசோலையைத் திரும்ப வாங்கி, பின்பக்கம் எழுதியதைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் கணக்கிலேயே கட்டலாம். பணம் வந்ததும் தச்சருக்குத் தனியாகக் கொடுத்துவிடலாம். வங்கி அந்த அடித்தலை ஏற்கவில்லை என்றால், முதலில் காசோலை எழுதிக் கொடுத்தவரிடம் பழையதைத் தந்து புதிதாக வாங்க வேண்டியதுதான். தேதி காலாவதியாவதற்குள் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்