குளிர்பெட்டிக் குறிப்பு மாறியிருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தைக் கிளையில் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டிக்கான பழைய தாளைக் கிழித்துவிட்டேன். "காலையில் வெப்பநிலையைச் சரிபார்க்கவும்" என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது. புதிதாக வந்த தம்பி அதன்படியே செய்தார். திரையில் 5 பாகை. சரி என்று அடையாளமிட்டார். இரவில் மின்சாரம் போய், உள்ளே 13 வரை ஏறியிருந்தது. தவறு அவருடையதல்ல, தாளை எழுதிய என்னுடையது.

புதிய தாளில் உள்ளபடி, கதவைத் திறக்குமுன் வெப்பமானியில் இப்போதைய அளவு, கூடியது, குறைந்தது மூன்றையும் பாருங்கள். முதலில் பதிவேட்டில் எழுதுங்கள். பிறகே மீளமைக்கும் பொத்தானை அழுத்துங்கள். முந்தினால் இரவுக் கணக்கு அழிந்துவிடும். ஏதாவது ஒன்று 2க்குக் கீழோ 8க்கு மேலோ இருந்தால் மருந்தை விற்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். "விற்க வேண்டாம்" என்று ஒட்டி, சரியாக இயங்கும் குளிர்பெட்டியில் தனியாக வைத்துவிட்டு மருந்தாளரை அழையுங்கள்.

நாளை இதை அந்தத் தம்பியே தனியாகச் செய்வார். பக்கத்தில் நிற்பவர்கள் தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ, அந்த வரியை எனக்கு அனுப்புங்கள். மாற்றி எழுதுகிறேன்.