கிழக்கு முகப்புச் சீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

சாந்தோமில் கடலைப் பார்த்து நிற்கும் நம் கட்டடத்தின் கிரானைட் பலகை பதித்த கிழக்கு முகப்பின் சீரமைப்பு வேலை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்துவிட்டது. சாரமும் பிரித்தாகிவிட்டது.

மழைக்காலத்தில் மேல்மாடி வீடுகளின் உள்சுவர் ஈரமாவதுதான் முதல் புகார். கிரானைட் இடுக்குகளில் சீலன்ட்டைப் புதிதாகப் பூசினால் போதும் என்று பலர் சொன்னீர்கள். பொறியாளர் முதலில் ஒரு சோதனை செய்தார். பழைய சீலன்ட்டில் விரல் நீளத்துக்குக் கீறி, நுனியைப் பிடித்து இழுத்தார். ஒட்டு நன்றாக இருந்தால் சீலன்ட் நடுவிலேயே கிழியும், கல்லை விடாது. இங்கே அது நாடா போலக் கல்லிலிருந்து முழுசாக உரிந்து வந்தது. சீலன்ட்டுக்குப் பின்னால் இடுக்குக்குள் திணிக்கும் நுரைக் கயிறான பேக்கர் ராடும் இல்லை. அது இல்லாவிட்டால் சீலன்ட் இரண்டு பக்கத்தோடு பின்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் கல் விரிந்து சுருங்கும்போது அதற்கு இழுபட இடமில்லாமல் பிய்ந்துபோகும்.

கவலையான விஷயம் அதற்குப் பின்னால்தான் இருந்தது. திறந்த இடுக்கு வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்தபோது, கல்லைத் தாங்கும் கிளாம்ப்புகள் சாதாரண இரும்பு என்று தெரிந்தது. உள்ளே போன மழைநீரும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து அவற்றை அரித்திருந்தன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லின் விளிம்பில் கிளாம்ப்பின் ஊசி செருகிய துளையை அது உள்ளிருந்தே நெம்பிவிடும். மூன்றாம் மாடியில் சில பலகைகளின் மூலையில் தெரிந்த மயிரிழை விரிசலும் பழுப்புக் கறையும் அதனால் வந்தவை. வெளிப்புறத்தில் சீலன்ட் மட்டும் பூசியிருந்தால் கசிவு நின்றிருக்கும், அரிப்பு நின்றிருக்காது. கீழே நடைபாதையில் ஆட்கள் போகிறார்கள்.

அதனால் விரிசல் விட்ட பலகைகளையும், தட்டினால் அதிர்ந்த பலகைகளையும் கழற்றினோம். அவற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப்பும் ஆங்கர் போல்ட்டும் போட்டோம். 304 விலை குறைவுதான், ஆனால் கடலோரக் காற்றில் அதில் கறை படிந்து குழி விழும். உடைந்த மூலைகளை ஒட்டவைக்கவில்லை, அந்தப் பலகைகளையே மாற்றினோம். அப்புறம் இடுக்கெல்லாம் சுரண்டித் துடைத்து, 10 மி.மீ. இடுக்குக்கு 13 மி.மீ. பேக்கர் ராடு திணித்து, அதன்மேல் சுமார் 5 மி.மீ. கனத்தில் கல்லில் எண்ணெய்க் கறை விடாத சிலிக்கோன் நிரப்பினோம். மறுபடியும் இழுத்துப் பார்த்ததில், இந்த முறை நடுவில்தான் கிழிந்தது.

வடக்குப் பக்கத்தில் கிளாம்ப்புகள் மேல்துருவோடு நிற்கின்றன. இப்போதைக்கு ஆபத்தில்லை என்பது பொறியாளர் கருத்து. ஆனாலும் அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் அங்கே சில இடுக்குகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கிறது.

ஏசி வெளிப்பெட்டிக்கோ குழாய்க்கோ கிரானைட்டில் யாரும் துளை போட வேண்டாம். அடிவரிசையில் விட்டிருக்கும் சிறு நீர்த்துளைகளையும் அடைக்காதீர்கள். உள்ளே புகும் தண்ணீர் வெளியே வர வேறு வழி கிடையாது.

— பராமரிப்புக் குழு