தொட்டி நிரம்பி வழிந்தும் மோட்டாரை நிறுத்தாத கருவி குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

தாம்பரத்திலுள்ள எங்கள் வீட்டின் 1,000 லிட்டர் மாடித் தொட்டிக்குத் தங்கள் நிறுவனத்தின் மீயொலி சென்சார் கருவியை 6,800 ரூபாய் கொடுத்து வாங்கிப் பொருத்தினேன். ஆறு ஆண்டுகள் பழுதின்றி உழைத்த மிதவை சுவிட்சை, "இனி இது எதற்கு சார்?" என்று கழற்றிப் போட்டவர் தங்கள் டெக்னீஷியன்தான்.

சென்ற மாதம் இரவு முழுவதும் தொட்டி வழிந்தது. அன்று மாலைதான் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய சம்பு, விடிவதற்குள் வறண்டுவிட்டது. தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டாரின் சீல் தேய்ந்து போனது. ஒரு தெருவே குடித்திருக்கக்கூடிய தண்ணீர் சாக்கடையில் கலந்தது. அந்நேரத்திலும் கருவியின் திரை 80 சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

காரணத்தை நானே டேப் வைத்து அளந்து கண்டுபிடித்தேன். 25 சென்டிமீட்டருக்குள் வரும் தண்ணீரைச் சென்சாரால் அளக்க முடியாது என்று தங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். ஒலியை அனுப்பிய சென்சாரின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடுவதால் அது பதிவாவதில்லை; நீருக்கும் மூடிக்கும் இடையே மீண்டும் மீண்டும் மோதித் தாமதமாக வரும் எதிரொலியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இன்னும் கீழே இருப்பதாகக் கருவி கணக்கிடுகிறது. இது தெரிந்தும், மூடியில் பொருத்திய சென்சாரிலிருந்து வெறும் 12 சென்டிமீட்டரை 'முழு அளவு' என்று டெக்னீஷியன் பதிவு செய்திருக்கிறார். அந்த அளவைக் கருவி எப்படிக் காணும்?

இதைச் சொல்லத்தான் ஒன்பது முறை அழைத்தேன். எல்லோரும், "சென்சாரில் ஈரம் படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள்" என்றார்கள், துடைத்தேன், பயனில்லை. ஒரு பெண் ஊழியர், "உங்களுக்கு இன்ஜினியரிங் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அறுபத்தெட்டு வயதில் ஏணி ஏறி அளந்தவனிடம் கேட்கும் கேள்வியா அது? அதற்கு முன்பே, கிண்டி சேவை மையத்திற்குக் கருவியின் திரைப் பெட்டியைச் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறிச் சென்றிருந்தேன். சென்சாரையும் கொண்டுவர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். தொலைபேசியில் பெட்டியை மட்டும் கொண்டுவரச் சொன்னதும் அவர்களேதான்.

தயவுசெய்து சென்சாரை மூடிக்கு மேல் 20 சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்துங்கள். இயலாவிட்டால் முழு அளவை 30 சென்டிமீட்டராக மாற்றுங்கள். பின்னதால் சுமார் 150 லிட்டர் கொள்ளளவு குறையும், அதைப் பொறுத்துக்கொள்கிறேன். எப்படியானாலும், பழைய மிதவை சுவிட்சை மோட்டார் ஸ்டார்ட்டரின் காயிலோடு தொடரிணைப்பில் மாட்டித் தர வேண்டும். சென்சார் தவறினாலும் மிதவை உயர்ந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படும். மோட்டார் பழுது, லாரித் தண்ணீர் ஆகியவற்றின் ரசீதுகளை இணைத்துள்ளேன்.

பதினைந்து நாட்களுக்குள் ஆள் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்