பசிக் குளிசைக்கு முன் தராசு

ஆசிரியர் அவர்கட்கு,

காலபோக அறுவடை முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் வன்னியின் மருந்துக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பசி எடுக்கக் குளிசை ஏதும் இருக்கோ?" கேட்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மகள். வீட்டில் ஒருவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறார், உடம்பு இறங்கிவிட்டது, எப்போதும் அலுப்பு என்பதே முறைப்பாடு. வெயில், வயது, வயல் வேலை என்று காரணமும் கூடவே சொல்லப்படும். பசியின்மை, நிறை குறைதல், அலுப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் போக வேண்டிய இடம் மருந்துக் கடை அல்ல. ஏன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் நிறை. வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைக்காமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் நிறையில் 5 சதவீதம் குறைந்தால் அதை ஆராய வேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவாகக் கொள்ளும் அளவு. 60 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 3 கிலோ. கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது. ஆனால் சாரத்தின் சுற்று கூடும், மோதிரம் சுழலும், கட்டுப்பல் ஆடும். தராசு இல்லாத வீட்டில் இவையே சாட்சி.

ஒரு மாதிரிக்கு, 58 வயது விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாசியில் நெல் நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறியபோது 62 கிலோ. ஆவணியில் வைத்தியசாலைத் தராசில் 56. குறைந்தது 6 கிலோ, அதாவது ஏறக்குறைய 10 சதவீதம். "அது வேறு தராசு" என்று சொல்லலாம். சரி, தராசுக்குத் தராசு இரண்டு கிலோ பிழை என்றே வைத்துக் கழித்தாலும் 4 கிலோ மிஞ்சுகிறது. அதுவும் 5 சதவீதத்துக்கு மேல்தான். சீனி வருத்தம் இல்லை, பிறசர் இல்லை, கால் வீக்கம் இல்லை, சிறுநீர் போவதிலும் குறை தெரியவில்லை. மீன் குழம்பின் மணம் மட்டும் குமட்டுகிறது. காலையில் வாயில் ஒரு கசப்பு. வரம்பு கட்டப் போனவர் பாதியில் வந்து படுக்கிறார். நாரி நோவுக்கு நோக்குளிசை போடுவது பழகிப்போன விடயம்.

இவருக்கு மருந்துக் கடையில் என்ன நடக்கும்? பசிக்கென்று கொடுக்கப்படும் குளிசை பெரும்பாலும் சிப்ரோஹெப்டடீன். அது ஒவ்வாமை மருந்து. பசியைக் கிளறுவது அதன் பக்க விளைவு. நாலு நாள் கொஞ்சம் சாப்பிடுவார், கூடவே நித்திரை தூங்கி விழுவார். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைபடவும் கூடும். நெஞ்செரிவு என்று சொன்னால் ஒமேப்பிரசோல் வரும். அது அமிலத்தை அடக்கும். இரைப்பையில் புற்றுநோய்ப் புண் இருந்தால்கூடச் சில வாரங்களுக்கு வேதனை தணியும். தணிந்ததைச் சுகம் என்று நம்பி இரண்டு மாதம் ஓடிவிடும். விற்றமின் பாணியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெளிநோயாளர் பிரிவில் இன்னொரு சிக்கல். வரிசை நீளம், வைத்தியர் முன் கிடைப்பது சில நிமிடம். "அலுப்பாக் கிடக்கு ஐயா" என்று மட்டும் சொன்னால் சத்துக் குளிசையோடு திரும்புவீர்கள். அதையே "ஆறு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது, முந்தி மூன்று அகப்பை சோறு, இப்போது ஒன்றுகூட முடியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். இலக்கத்தைக் கேட்ட வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்வார். குடிக்கும் எல்லாக் குளிசைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பசியைக் கெடுக்கும் குளிசைகளும் உண்டு. சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் அதில் ஒன்று. அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

முதற்கட்டச் சோதனைகள் பெரிய விடயங்கள் அல்ல: முழு இரத்தக் கணக்கு, ஈஎஸ்ஆர், சீனி, கிரியற்றினின், ஈரல் சோதனை, தைரொயிட், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. நாம் எடுத்துக்கொண்டவருக்கு ஹீமோகுளோபின் 9.1, கிரியற்றினின் 3.4 என்று வந்தால், சிறுநீரகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று பொருள். வெளியேற வேண்டிய யூரியா இரத்தத்தில் தேங்குகிறது. எச்சிலிலும் அது வந்து அமோனியாவாக உடைவதால் வாய் கசக்கிறது, மீனும் இறைச்சியும் மணத்தாலேயே வெறுத்துப்போகின்றன. இரத்தம் ஊறச் சொல்லும் சுரப்பு சிறுநீரகத்திலிருந்து வருவது. அது குறைந்ததால்தான் சோகையும் களைப்பும். ஆகவே இரும்புச்சத்துக் குளிசையை மட்டும் மாதக்கணக்கில் விழுங்கினால் இரத்தம் ஏறாது. நாரிக்குப் போட்ட டைக்குளோபெனக் அந்தச் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்திருக்கும்.

சீனியும் பிறசரும் இல்லாமலே வரும் இந்தச் சிறுநீரக நோய் 1990களில் வடமத்தியில் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் உண்டு. வீக்கம் இல்லை, நோவு இல்லை என்பதால் பசியும் நிறையும் குறைவதே சிலருக்கு முதலில் தெரியும் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நுட்பமும் உண்டு. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. ஆகவே நன்றாக மெலிந்தவருக்கு அந்த இலக்கம் உண்மையைவிட நல்லதாகத் தோன்றும். அறிக்கையில் "சாதாரண அளவு" என்று இருப்பதை மட்டும் பார்த்து வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். மறுவளமாக, காலில் நீர் கட்டினால் தசை கரைந்தும் தராசு குறையாது. கணுக்காலுக்கு மேல், எலும்பின் மீது பெருவிரலால் பத்து வினாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி நின்றால் தராசு சொல்வதை நம்ப முடியாது.

இதே மூன்று அறிகுறிகளோடு பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் சேர்ந்தால் எண்ணம் காசநோய் பக்கம் போக வேண்டும், சளிச் சோதனை செய்ய வேண்டும். சீனி வருத்தக்காரருக்கும் முதியவருக்கும் இருமல் குறைவாகவே இருக்கலாம். சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம், அரச மார்புநோய் கிளினிக்கில் இலவசம். துணையை இழந்து தனித்திருக்கும் முதியவரிடம் மனச்சோர்வும் இதே உருவில் வரும். அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் "கவலைதான்" என்று வீட்டார் தீர்மானித்து இரத்தச் சோதனையைத் தவிர்ப்பது பிழை.

கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டியவை: விழுங்க முடியாமை, நிற்காத வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், மூச்சு முட்டல், பேச்சுத் தடுமாறுதல், தார் போன்ற கரிய மலம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் அது பசைபோல ஒட்டாது, அந்தக் கெட்ட நாற்றமும் இராது.

எல்லாச் சோதனையும் சரியாக வந்து, காரணம் பிடிபடாமல் போவதும் உண்டு. அப்போது அறிக்கைகளைத் தூக்கிப் போட வேண்டாம். அதே தராசில், காலையில், மலசலம் கழித்தபின், அதே அளவு உடுப்போடு மாதம் ஒருமுறை நிறுத்து, கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் அந்தக் கொப்பியோடு அதே வைத்தியரிடம் திரும்பப் போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
கிளிநொச்சி