கடை மூடும் முன் அந்த டிரங்குப் பெட்டியைத் திறங்கள், அக்கா

பள்ளிவாசல் தெரு அக்காவுக்கு,

இந்த மாதம் 30ஆம் தேதியோடு கடையை மூடுகிறேன். 1987ல் திறந்தது. அப்போது எல்லோரும் பாட்டுப் பட்டியலோடு வருவார்கள், நான் பதிந்து கொடுப்பேன். நீங்கள் மட்டும் வெறும் கேசட் வாங்குவீர்கள். "அறுபது நிமிஷக் கேசட்டே போதும் தம்பி, தொண்ணூறு வாங்கினா பேச்சு தீராது" என்பீர்கள். உங்கள் குரல் சவூதிக்குப் போகும். யாராவது லீவில் வரும்போது வீட்டுக்காரரின் பதில் வரும். சிடி வந்து பாட்டு வியாபாரம் படுத்தபிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றியும் ரேடியோ ரிப்பேர் பார்த்தும் ஓட்டினேன். அப்போதும் வந்துகொண்டிருந்த நாலைந்து பேரில் நீங்கள் ஒருவர். அதற்கு நன்றி, அக்கா.

போன மாதம் அவர் அனுப்பிய கேசட் ஒன்றைக் கொண்டுவந்தீர்களே, அதில் என்ன செய்தேன் என்று சொல்லவேயில்லை. ஐந்து திருகாணியையும் கழற்றிப் பார்த்தால், டேப்பை, குரலைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் குட்டிக் கம்பளித் துண்டு உதிர்ந்து கிடந்தது. டேப்பின் ஓரமெல்லாம் சுண்ணாம்பு தடவினாற்போலப் பூஞ்சை. காய்ந்த பஞ்சால் மெல்லப் பிடித்துக்கொண்டு, பென்சிலால் கையாலேயே சுற்றித் துடைத்தேன். பிறகு இரண்டு சக்கரத்தையும் வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றினேன்.

ஓடியது. ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. அவர் பதிந்த டேப் ரிக்கார்டரில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்க வேண்டும். என் ஹெட்டும் அதே சாய்வுக்கு வந்தால்தான் குரல் தெளியும். ஹெட் பக்கத்துத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். "சின்னவனுக்குச் சட்டை அளவு சொல்லி அனுப்பு" என்பதில் 'ச' சுத்தமாக விழுந்ததும் நிறுத்தினேன். நீங்களும் அங்கேதான், "போதும் தம்பி, மீதியை வீட்ல கேட்டுக்கிறேன்" என்று எழுந்துவிட்டீர்கள்.

டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது என்றீர்கள். கொண்டுவாருங்கள், பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன். பென்டிரைவ் மட்டும் உங்களுடையது, கூலி வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டு மனிதர்களின் குரல் உள்ள கேசட் யாரிடம் இருந்தாலும் இதே பேச்சுத்தான். சினிமாப் பாட்டு வேண்டாம், அது போனிலேயே கிடைக்கிறது.

ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறுதான் முடியும், அதனால் கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள். அறுந்த டேப்பை ஒட்டிவிடலாம், துண்டை எறிந்துவிடாமல் கொடுங்கள். மேலே வேறு எதையாவது பதிந்துவிட்டிருந்தால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளையாகத் தெரிவதை வீட்டு செட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறிவிடும். பேரனிடம் கொடுத்தனுப்பினாலும் சரி. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டியிருப்பேன்.

அன்புடன்,
கேசட் கடைத் தம்பி